முகத்தை எடிட் செய்து முடித்ததும் கழுத்தும் கைகளும் தனி நிறமாகத் தெரிகின்றன. போட்டோஷாப்பில் இதை எப்படிச் சரிசெய்வது?

கழுத்தையும் கைகளையும் வெளுக்க வைப்பதற்கு முன்னால் முகத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள் என்பதுதான் என் முதல் பதில். திருமண ஆல்பங்களுக்குப் படம் திருத்துவது என் தொழில் என்பதால், இந்தச் சிக்கல் அதிகம் வரும் மணப்பெண் படத்தையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

பெரும்பாலான மணப்பெண் படங்களில் இந்த வேறுபாடு எடிட் தொடங்குவதற்கு முன்பே இருக்கும். ஃபவுண்டேஷன் முகத்தில் ஒரு படி வெளிர்நிறத்தில் பூசப்பட்டிருக்கும். கழுத்தில் அது பாதியோடு நின்றிருக்கும். கைகளுக்கு எட்டியே இருக்காது. புடவை சிவப்புப் பட்டாக இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் சிவப்பை ஏற்றிவிடும். கைகள் விளக்கிலிருந்து சற்றுத் தள்ளி, மடியின் மேல் இருப்பதால் இன்னும் இருண்டிருக்கும். இவ்வளவுக்கும் மேல் நாம் முகத்தை மட்டும் பளிச்சென்று ஆக்கும்போது, ஏற்கெனவே இருந்த இடைவெளி அகலமாகிவிடுகிறது.

நம் கண்ணுக்கு ஒரே நிற வேறுபாடாகத் தெரியும் இந்த இடைவெளிக்குள் உண்மையில் இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன: ஒன்று வெளிச்ச அளவு, மற்றொன்று நிறச்சாயல். இரண்டையும் ஒரே Curves லேயரால் தூக்கிச் சரிசெய்ய முயல்வதால்தான் கழுத்து சாம்பல் பூத்ததுபோல் வெளிறிப்போகிறது. ஆகவே இவற்றைத் தனித்தனியே அளந்து, தனித்தனி லேயரில் திருத்த வேண்டும்.

அளப்பதற்கு Eyedropper கருவியை எடுத்து, Sample Size என்பதில் 31 by 31 Average வைத்துக்கொள்ளுங்கள். பிறகு Shift விசையை அழுத்தியபடி மூன்று இடங்களில் கிளிக் செய்யுங்கள்: ரூஜும் பளபளப்பும் இல்லாத கன்னப்பகுதி, தாடை நிழல் விழாத கழுத்தின் பக்கவாட்டு, மருதாணி இல்லாத புறங்கை. உள்ளங்கை இயல்பாகவே வெளிர்நிறமானது என்பதால் அதை அளவுக்கு எடுக்கக் கூடாது. Info பேனலில் இந்த மூன்று புள்ளிகளின் எண்களையும் Lab Color முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் L என்பது வெளிச்ச அளவு. a கூடினால் சிவப்பு கூடுகிறது, b கூடினால் மஞ்சள் கூடுகிறது என்று புரிந்துகொண்டால் இந்த வேலைக்குப் போதும்.

சிவப்புப் பட்டு உடுத்திய, மாநிறமான ஒரு மணப்பெண்ணின் படத்தை எடுத்துக்கொள்வோம். எடிட் முடிந்த முகத்தில் L 74, a 11, b 18 என்றும், கழுத்தில் L 57, a 19, b 20 என்றும், புறங்கையில் L 54, a 18, b 19 என்றும் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளிச்சமும் சிவப்பும்தான் விலகி நிற்கின்றன. கை கறுத்துவிட்டது என்று நினைத்து வெளிச்சத்தை மட்டும் ஏற்றுபவர்களுக்குப் படம் ஏன் சரியாக வருவதில்லை என்பது இந்த a எண்ணைப் பார்த்தாலே விளங்கும்.

முதலில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கிய லேயரின் Opacity அளவைக் குறைத்து, முகத்தின் L அளவை 69 அருகே கொண்டு வாருங்கள். லேயர்கள் ஏற்கெனவே ஒன்றாக இணைக்கப்பட்டுவிட்டால், Luminosity முறையில் ஒரு Curves லேயர் வைத்து முகத்தை மட்டும் கீழே இறக்கலாம். "கலர் கொஞ்சம் ஏத்திடுங்க" என்று வீட்டார் கேட்பது வழக்கம்தான். அப்போது நான் படம் முழுவதன் வெளிச்சத்தையும் சேர்த்து ஏற்றிக் கொடுப்பேனே தவிர, முகத்தை மட்டும் வெளுக்க வைப்பதில்லை. அந்தப் பெண்ணின் சொந்த நிறம் எது என்பதற்குக் கழுத்தும் கையும்தான் சாட்சி.

அடுத்து நிறச்சாயல். புதிய Curves லேயரின் கலப்பு முறையை Color என்று மாற்றி, Green சேனலின் நடுப்புள்ளியைச் சிறிதளவு மேலே தூக்கினால் சிவப்பு தணியும். வெளிச்சம் பெரிதாக அசையாது. லேயரின் மாஸ்க்கை Ctrl+I கொண்டு கறுப்பாக்கி, ஓரம் மென்மையான பிரஷ்ஷால், Flow 10% அளவில், வெள்ளையை மெதுவாகக் கழுத்தின் மேல் தடவி a அளவை 13 அருகே கொண்டு வாருங்கள். மஞ்சள் சற்றுக் கூடியதாகத் தெரிந்தால் Blue சேனலையும் ஒரு துளி உயர்த்தலாம். கைகளுக்கு இதே அளவு பொருந்தாது என்பதால் அவற்றிற்குத் தனி லேயர் வைப்பது நல்லது.

நிறம் பொருந்திய பிறகே வெளிச்சத்திற்கு வர வேண்டும். Luminosity முறையில் இன்னொரு Curves வைத்து, கழுத்தை 63 வரையிலும் கையை 61 வரையிலும் ஏற்றினால் போதும். முகத்தின் 69 வரை ஏற்ற வேண்டாம். கழுத்து முகத்தைவிடச் சற்று இருண்டிருப்பதுதான் இயல்பு. தாடைக்கு அடியிலுள்ள நிழலைத் தொடவே கூடாது. அந்த நிழல் போய்விட்டால் தாடை எலும்பின் கோடு மறைந்து, முகமும் கழுத்தும் ஒரே தட்டையான பரப்பாகிவிடும்.

மாஸ்க் தடவும்போது பலர் விட்டுவிடும் இடம் காது. முகம் ஒரு நிறமும் காது மடல் வேறு நிறமுமாக இருக்கும் படங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நெற்றியின் முடியோரம், பின்கழுத்து, புடவைக்கும் ரவிக்கைக்கும் இடையில் தெரியும் இடுப்பு ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நகைகளின் மேல் பிரஷ் படக் கூடாது. Green ஏற்றப்பட்ட லேயர் தங்கச் சங்கிலியின் மேல் பட்டால் தங்கம் பச்சையோடிப் பித்தளைபோல் தெரியும். மருதாணியின் மேல் பட்டால் அதன் செம்மை மங்கிக் காக்கி நிறமாகும். படத்தை 200% பெரிதாக்கி, சிறிய கறுப்புப் பிரஷ்ஷால் இந்த இடங்களை மாஸ்க்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

வெகுநேரம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் பழகிவிடும். எனவே சோதனைக்கென ஒரு லேயர் வைத்துக்கொள்வது என் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலே #808080 சாம்பல் நிறத்தில் ஒரு Solid Color லேயரைப் போட்டு, அதன் முறையை Luminosity என்று மாற்றினால், வெளிச்ச வேறுபாடு மறைந்து நிறம் மட்டுமே எஞ்சும். அதன்மேல் Hue/Saturation லேயர் ஒன்றில் Saturation +50 வைத்தால், கழுத்தில் விட்டுப்போன சிவப்புத் திட்டுகள் தெளிவாகத் தெரியும். அதே சாம்பல் லேயரை Color முறைக்கு மாற்றினால் நிறம் மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும். தாடை நிழல் இயல்பாக இறங்குகிறதா என்பதை அப்போது பார்க்கலாம். சோதனை முடிந்ததும் இந்த இரண்டு லேயர்களையும் அணைத்துவிட வேண்டும்.

எண்கள் பொருந்திய பிறகும் முகம் தனியாகத் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் தோலின் இழைநயம்தான். முகத்தில் துளைகளே தெரியாத அளவுக்கு மென்மையாக்கிவிட்டு, கழுத்தில் வரிகளை அப்படியே விட்டிருந்தால் எந்த நிறத் திருத்தமும் உதவாது. கழுத்தையும் மங்கலாக்குவதைவிட, முகத்தை மென்மையாக்கிய லேயரைப் பாதியாகக் குறைப்பதே சரி.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கை ஆழ்ந்த நிழலில் L 30-க்கும் கீழே இருந்து, நம்மிடம் இருப்பதும் JPEG கோப்பு மட்டும்தான் என்றால், வெளிச்சத்தை ஏற்ற ஏற்றத் தோலில் புள்ளிகளும் நிறத் திட்டுகளும் கிளம்பும். ரா கோப்பு கிடைத்தால் அதைக் கேட்டு வாங்கி 16 பிட்டில் திறந்து வேலை செய்யுங்கள். கிடைக்காவிட்டால், சிவப்பை மட்டும் தணித்துவிட்டு, வெளிச்சத்தை நிழலின் போக்கிலேயே விட்டுவிடுங்கள். நிறச்சாயல் பொருந்தியிருந்தால் நிழலில் இருக்கும் கை பார்ப்பவருக்கு வேறு நிறமாகத் தோன்றாது.