ஊருக்குப் பேசி வைத்த பிறகு

மதிப்பிற்குரிய ஐயா,

துவாஸ் பகுதியில் ஒரு விடுதியில், பன்னிரண்டு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். அதில் ஒன்பது பேர் சிகரெட் பிடிப்பவர்கள். நானும் ஒரு நாளைக்குப் பதினைந்து பிடித்தவன்தான். ஊரில் மகள் பிறந்த அன்று நிறுத்தினேன். இன்றோடு 52 நாட்கள். சைட்டில் சமாளித்துவிடுகிறேன். இரவு வீட்டுக்குப் பேசி ஃபோனை வைத்ததும்தான் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் காப்பி குடித்துப் பார்க்கிறேன், பிறகு ஒரு மணிவரை தூக்கம் வருவதில்லை. விளக்கை அணைத்த பின் குளியலறைப் பக்கமிருந்து புகை வருகிறது. வேறு அறை கேட்டேன், கிடைக்கவில்லை. இத்தனை நாட்களுக்குப் பிறகும் உடம்பு ஏன் கேட்கிறது?

மு., சிங்கப்பூர்

அன்புள்ள மு.,

உடம்பு கேட்டு முடித்துவிட்டது என்றே நினைக்கிறேன். இரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஆகவே நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில் எரிச்சலும் படபடப்பும் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஏழு வாரம் கடந்த பின்னும் ஒரு குறிப்பிட்ட வேளையில் மட்டும் தவிப்பு வருகிறது என்றால், அந்த வேளையில் நீங்கள் முன்பு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஜூரோங் பக்கம் ஒரு விடுதியில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் நான். பதினொரு பேர் காதில் விழ மனைவியிடம் என்னதான் பேச முடியும்? சாப்பிட்டதும் கீழே இறங்கி, புகைபிடிக்க ஒதுக்கியிருந்த இடத்தருகே போய் நிற்போம். ஒரு கையில் ஃபோன் இருக்கும், இன்னொரு கையில் சிகரெட் இருக்கும். பேச்சு முடிந்ததும் இன்னொன்று பற்றும். இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் போனால், மனைவியின் குரலும் சிகரெட்டும் மனத்துக்குள் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக்கொள்ளும். வந்த செய்தி நல்லதா கெட்டதா என்பதுகூட அந்த முடிச்சுக்குப் பொருட்டல்ல. ஞாயிற்றுக்கிழமை பகலில் தேக்காவில் ஒரு கடையோரம் நின்று வீட்டுக்குப் பேசிப் பாருங்கள். அங்கே தவிப்பு குறைவாக இருந்தால், உங்களை வாட்டுவது இடமும் வேளையும்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

என் அறையில் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் இந்த முடிச்சை அவிழ்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன். இரவு ஒன்பதரைக்குப் பேசுவதை நிறுத்திவிட்டு, லாரியிலிருந்து இறங்கி, குளித்து முடித்ததும், சாப்பாட்டுக்கு முன்பே பேசினார். இடத்தையும் மாற்றிக்கொண்டார்: துணி துவைக்கும் தொட்டியருகே காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு, வேலைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே பேசுவார். இரண்டு கையும் நுரையில் இருக்கும். பேசி முடிக்கும்போது அலசிப் பிழிந்து காயப்போடும் வேலை மிச்சமிருக்கும், அதன் பிறகு தட்டு காத்திருக்கும். ஒரு தவிப்பு எழுந்து அடங்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். அந்த நிமிடங்களை அவர் துணியிடம் கொடுத்துவிட்டார். சில நாட்கள் எங்கள் சட்டைகளையும் வாங்கித் துவைத்தார் என்பதால், அவர் விட்டதில் எங்களுக்கும் ஆதாயம் இருந்தது.

அது மட்டும் போதாத நாட்களுக்கு நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. சூயிங்கம்மே விற்காத ஊரில் இது எப்படி என்று கேட்பீர்கள். மருத்துவக் காரணத்துக்கான வகைகளுக்கு 2004 முதல் அங்கே அனுமதி உண்டு. மருந்துக்கடையில் மருந்தாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். இத்தனை நாட்கள் எதுவும் இல்லாமல் இருந்த உங்களுக்கு இரண்டு மில்லிகிராம் வகையே போதும் என்று நினைக்கிறேன், அவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் அதைச் சாதாரண சூயிங்கம்போல விடாமல் மென்று சாற்றை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். காரமாக உறைக்கும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். உறைப்பு அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். நிக்கோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாக ஏறுவதால், முழுப் பலன் தெரிய இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். ஆகவே பேசி வைத்த பிறகு வாயில் போட்டால் காலம் கடந்துவிடும். வீட்டுக்கு அழைப்பதற்கு இருபது நிமிடம் முன்பே போட்டுவிடுங்கள். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காப்பி கூடாது, ஏனெனில் காப்பியின் புளிப்பு நிக்கோட்டினை ஏறவிடாது.

இரவுக் காப்பியை வேறொரு காரணத்துக்காகவும் விட வேண்டும். சிகரெட் புகையில் உள்ள தார்ப்பொருட்கள், கல்லீரல் காப்பியின் கஃபீனை வேகமாகக் கரைக்கும்படி செய்பவை. நிறுத்திய சில நாட்களில் அந்த வேகம் போய்விடும். முன்பு குடித்த அதே குவளை இப்போது உடம்பில் வெகுநேரம் தங்குகிறது. உங்கள் தூக்கமின்மையில் பாதி அதனால்தான் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் காப்பியும் தேநீரும் வேண்டாம். பகலில் குடிப்பதையும் பாதியாக்குங்கள். தூங்கிவிட்டால் குளியலறைப் புகை உங்களைத் தேடி வந்தாலும் நீங்கள் விழித்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் புகையைச் சாதாரணமாக விட்டுவிடவும் முடியாது. காருக்குள் பிறர் விட்ட புகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. சிகரெட்டைத் தொடாமலேயே நிக்கோட்டின் மூளையை எட்டியிருந்தது; ஏற்கெனவே பிடிப்பவர்களுக்கு ஆசையும் கூடியிருந்தது. ஒன்பது பேரிடம் 'நீங்களும் விடுங்கள்' என்று சொல்லாதீர்கள், பகைதான் மிஞ்சும். அவர்களில் மூத்தவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, பத்து மணிக்கு மேல் கீழே போய்ப் பிடிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். விடுதியின் விதியும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் மேல்கட்டிலில் இருந்தால், சன்னலோரக் கீழ்க்கட்டிலுக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள். சூடான புகை மேலே ஏறிக் கூரையடியில் தேங்கும். வேப் என்னும் மின்சிகரெட்டுக்கு மாறச் சொல்பவர் யாராவது இருந்தால் காது கொடுக்காதீர்கள். அங்கே அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம், வேலை அனுமதிக்கே ஆபத்து வரலாம்.

பட்டுக்கோட்டைக்காரர் 61ஆம் நாள் இடறினார். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக நள்ளிரவில் ஃபோன் வந்தது. துவைக்கத் துணி இல்லை, எல்லோரும் தூங்கிவிட்டார்கள், பக்கத்துக் கட்டிலில் பாக்கெட் கிடந்தது. இரண்டு இழுப்புதான் இழுத்தார். இரண்டு இழுப்பே மூளையில் நிக்கோட்டின் அமரும் இடங்களில் பாதியை நிரப்பிவிடும் என்பதால், மறுநாள் காலையிலேயே பழைய பசி எட்டிப் பார்த்தது. அவர் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கவில்லை. காலை லாரியில் எங்களிடம் நடந்ததைச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரரிடம், இனிமேல் பாக்கெட்டைப் பூட்டி வைக்கவும், தான் கேட்டாலும் தராமலிருக்கவும் சொன்னார். அன்று மாலை 62ஆம் நாள் என்று சொல்லிக்கொண்டு தொட்டியருகே போய் ஊருக்கு அழைத்தார்.