இரண்டு நிமிடத்தில் பருவமழை: வீடியோவுக்கு உரை எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

அறிவியல் வீடியோக்களுக்குப் பின்னணிக் குரலுக்கான உரை எழுதுவது என் தொழில். தென்மேற்குப் பருவமழை எப்படி உருவாகிறது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லும் வீடியோவைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தென்காசியிலிருந்து ஓர் ஆசிரியை: இரண்டு நிமிடத்துக்கு 300 வார்த்தை என்று எங்கோ படித்துவிட்டு எழுதினேன். படித்துப் பார்த்தால் மூன்றரை நிமிடத்தைத் தாண்டுகிறது. நான் மெதுவாகப் படிக்கிறேனா?

இல்லை டீச்சர், நீங்கள் சரியாகத்தான் படிக்கிறீர்கள். அந்த 300 ஆங்கிலத்துக்கான கணக்கு. அங்கே நான்கைந்து சொல்லாக உடைகிற விஷயம் நமக்கு ‘மோதுவதாலேயே’ என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும். அதனால் வார்த்தையை எண்ணினால் எப்போதும் ஏமாந்துபோவோம்.

நான் எழுத்தை எண்ணுகிறேன். அதிலும் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிடுவேன். ‘காற்று’ என்றால் கா, று, இரண்டு. நிதானமான குரலில் ஒரு விநாடிக்கு இப்படி ஐந்து எழுத்து போகும். நெடில் அதிகம் வந்தால் கொஞ்சம் இழுக்கும், அதனால் இது தோராயம்தான்; ஆனாலும் வார்த்தைக் கணக்கைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம், 120 விநாடியையும் பேச்சால் நிரப்பக்கூடாது. குறைந்தது 25 விநாடியைப் படத்துக்கும் மழைச் சத்தத்துக்கும் விட்டுவிடுங்கள். மீதி 95 விநாடிக்கு 475 எழுத்து, அதாவது 130 வார்த்தைக்குள். உங்கள் உரையில் பாதிக்கு மேல் போக வேண்டும். முதலில் ‘ஆனது’, ‘ஆகும்’, ‘இவ்வாறாக’ எல்லாவற்றையும் அடியுங்கள். பிறகு, படம் ஏற்கெனவே காட்டுவதைத் திரும்பச் சொல்லும் வரிகளை எடுங்கள். அம்புக்குறி மலையை நோக்கிப் போவது தெரிகிறது. ஏன் போகிறது என்பதுதான் தெரியவில்லை. குரலின் வேலை அந்த ‘ஏன்’.

அவரே மீண்டும்: அடித்துப் பார்த்தேன். மலைக் காட்சி 25 விநாடி. அதற்கு இந்த ஒரு வரிதான் மிஞ்சியது: ‘மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி வரும் ஈரப்பதம் மிகுந்த காற்றானது மலைகளால் தடுக்கப்பட்டு மேலே உயர்த்தப்படுவதால் குளிர்ச்சியடைந்து மேகங்களாக மாறி மழையைப் பொழிகிறது.’ நேரத்துக்குள் வருகிறது, ஆனால் படத்தோடு ஒட்டவில்லை.

எண்ணிப் பார்த்தேன், 62 எழுத்து. கிட்டத்தட்ட 12 விநாடி. நேரத்தில் குறையில்லை. ஆனால் அந்த ஒரு மூச்சுக்குள் நான்கு படங்கள் இருக்கின்றன: காற்று மோதுவது, ஏறுவது, குளிர்வது, மேகம் பிறப்பது. வினைமுற்று கடைசியில் ஒன்றே ஒன்று, ‘பொழிகிறது’. கேட்பவர் அதுவரை எதையும் முடிவாகப் பிடித்துக்கொள்ள முடியாமல் காத்திருக்கிறார். குரல் 12 விநாடியில் மழைக்கு வந்துவிடுகிறது, படம் அப்போதுதான் மலையேறிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. ‘உயர்த்தப்படுவதால் குளிர்ச்சியடைந்து’ என்று தாண்டிப் போய்விட்டீர்கள். உயரே போனால் ஏன் குளிர வேண்டும்? மலை உச்சி குளிராக இருக்கும், அதில் பட்டுக் காற்றும் குளிர்கிறது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில், மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிவதாலேயே குளிர்கிறது. மேகம் உருவாகும் முன் ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ். இந்த எண்ணை உரையில் சொல்ல வேண்டாம், காரணத்தைச் சொன்னால் போதும்.

நான் எழுதினால் காட்சியை நான்காக வெட்டுவேன்.

முதல் 5 விநாடி, காற்று மலையைத் தொடுகிறது: ‘ஈரக் காற்று மலையில் முட்டுகிறது.’

அடுத்த 6 விநாடி, அம்புக்குறி சரிவில் ஏறுகிறது: ‘போக வழியில்லை. ஏறத்தான் வேண்டும்.’

அடுத்த 8 விநாடி, ஒரு காற்றுக் குமிழி பெரிதாகிக்கொண்டே உயர்கிறது: ‘மேலே அழுத்தம் குறைவு. காற்று விரிகிறது. விரிந்தால் குளிரும்.’

கடைசி 6 விநாடி, வெறும் வானத்தில் வெண்மை தோன்றுகிறது: ‘இதுவரை கண்ணில் படாத நீராவி, துளியாகிறது.’

எண்ணிப் பாருங்கள், 12, 11, 21, 18. இதுவும் 62தான்! அதே அளவு பேச்சு, ஆனால் 25 விநாடியிலும் பரவி நிற்கிறது, நடுவே 12 விநாடிக்கு மேல் மௌனம். ‘மழை பொழிகிறது’ இங்கே கிடையாது, அது அடுத்த காட்சியின் சொத்து. ஒவ்வொரு வரியும் படம் மாறி ஒரு விநாடி கழித்துத் தொடங்கட்டும். கண் முதலில் பார்த்துவிட்டால் காது நிம்மதியாகக் கேட்கும்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்: ‘போக வழியில்லை’ என்பது தவறு. பாலக்காட்டுக் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. ஜூன், ஜூலையில் அந்த வழியாக வரும் காற்றை நாங்கள் தினமும் அனுபவிக்கிறோம்.

ஒப்புக்கொள்கிறேன். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள வாசல் அது. தென்காசி டீச்சருக்கும் இது பொருந்தும். செங்கோட்டைப் பக்கம் மலை தாழ்ந்திருப்பதால்தானே குற்றாலத்துக்குச் சாரல் வருகிறது. ‘நேரே போக வழியில்லை’ என்று திருத்தலாம். இரண்டே எழுத்து கூடும். கோவையில் காட்டப்போகும் வீடியோ என்றால் நான் கணவாயை வரைபடத்தில் திறந்தே வைப்பேன், குரலில் தொடமாட்டேன்.

ஓர் அனிமேட்டர்: ஆங்கில உரைக்கு ஏற்ப அனிமேஷன் முடித்துவிட்டோம். இப்போது தமிழ்க் குரல் வைத்தால், நீளம் சரியாக இருந்தும் எல்லாம் முன்பின்னாக இருக்கிறது. எங்கே பிழை?

வாக்கிய அமைப்பில். ஆங்கிலத்தில் முதலில் காற்று வரும், பிறகு அது எங்கிருந்து வந்தது என்று கடல் வரும், பிறகு மோதுவது, கடைசியில் மலை. தமிழில் ‘கடலிலிருந்து வரும் காற்று மலையில் மோதுகிறது’. கடல் முதலில், காற்று பிறகு, மலை, கடைசியில் மோதல். நீங்கள் காற்றை ஒளிரச் செய்யும் நேரத்தில் எங்கள் ஆள் ‘கடல்’ என்கிறார்.

இதற்கு இரண்டு வழி உண்டு. அனிமேஷனைத் தொட முடியும் என்றால் கடலை முன்னே இழுங்கள், மோதலை வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் வையுங்கள். தொட முடியாது என்றால் உரையை உடைக்க வேண்டும்: ‘இது காற்று. கடலைக் கடந்து வந்தது. இதோ முட்டுகிறது, மலையில்.’ வினையைத் தாண்டி ‘மலையில்’ பின்னால் வருவது பேச்சில் இயல்புதான். ஆனால் இந்த உத்தியை ஒரு வீடியோவில் ஒன்றிரண்டு இடத்துக்கு மேல் பயன்படுத்தினால் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆகிவிடும்.

ஒரு கல்லூரி மாணவர்: நிலம் சூடானால் மழை. சூடு கூடினால் மழையும் கூடும். இதையே மைய வரியாக வைக்கலாமா அண்ணா?

பாதி சரி தம்பி. கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது, நிலத்தின் மேல் அழுத்தம் குறைகிறது, கடற்காற்று உள்ளே வருகிறது. இதுவரை சரி. ஆனால் சூடுதான் எல்லாம் என்றால் ராஜஸ்தான் பாலைவனத்தில் மழை கொட்ட வேண்டும். கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. மழை பிடித்ததும் நிலம் குளிர்ந்துவிடுகிறது, ஆனாலும் மழை செப்டம்பர்வரை நிற்பதில்லை. ஏன்? நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது, கீழே இன்னும் ஈரக்காற்று வந்து சேர்கிறது. நிலத்தின் சூடு வண்டியைத் தள்ளிவிடுகிறது, அதற்குப் பிறகு மழையே ஓட்டுகிறது.

படத்தில் இந்தப் பிழையைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். முதல் காட்சியில் சிவப்பாக்கிய நிலம் கடைசிவரை சிவப்பாகவே இருக்கும். மழைக் காட்சியில் சிவப்பு மங்க வேண்டும், மேகத்துக்குள் சிவப்பு வர வேண்டும்.

அதே மாணவர்: சரி. அடுத்த வரி ‘மேகங்கள் மோதி மழை பெய்கிறது’. இதாவது?

மோதல் உண்டு, மேகங்களுக்குள் அல்ல, துளிகளுக்குள். மேகத்தில் இருக்கும் ஒரு துளி மிதக்கும் அளவுக்குச் சின்னது. ஒரு மழைத்துளி ஆவதற்கு அப்படிப்பட்ட துளிகள் ஏறத்தாழ பத்து லட்சம் சேர வேண்டும். ‘பத்து லட்சம் துளி சேர்ந்தால், ஒரு மழைத்துளி’ என்று சொல்லிவிட்டு நான்கு விநாடி சும்மா இருங்கள்.

வானிலையை ஆர்வமாகக் கவனிக்கும் ஒருவர்: மடகாஸ்கர் பக்கமிருந்து கேரளத்துக்கு நேர்க்கோடு போடும் வீடியோக்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. திபெத் பீடபூமியையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நீங்களுமா?

நேர்க்கோடு விஷயத்தில் உங்கள் பக்கம்தான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது, ஆப்பிரிக்கக் கரையோரம் நிலநடுக்கோட்டைத் தாண்டுகிறது, பூமி சுழல்வதால் வலப்புறம் வளைந்து அரபிக்கடல் வழியே வருகிறது. அந்த வளைவுதான் ‘தென்மேற்கு’ என்ற பெயருக்கே காரணம். உரையில் ‘பூமி சுழல்கிறது. காற்று வளைகிறது’ போதும், ஆனால் ‘வளைகிறது’ என்ற சொல்லும் அம்பு திரும்புவதும் ஒரே நொடியில் வர வேண்டும்.

திபெத்தை விட்டுவிட்டேன், தெரிந்தேதான். பீடபூமி சூடாவது பருவமழையை இழுக்கிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2010-ல் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு, இமயமலை வடக்கின் குளிர்ந்த வறண்ட காற்றைத் தடுப்பதே முக்கியம், பீடபூமி இல்லாவிட்டாலும் பெரிய மாற்றமில்லை என்றது. அதற்கும் மறுப்பு வந்தது. ‘சிலர் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று தொடங்கினாலே எனக்கு 15 விநாடி போய்விடும். நீங்கள் ஐந்து நிமிட வீடியோ செய்தால் சேருங்கள்.

சென்னையிலிருந்து ஒரு தாய்: எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இந்த உரையையே பயன்படுத்தினேன். ‘நமக்கு தீபாவளிக்குத்தானே மழை, காற்று கடல் பக்கமிருந்துதானே வருது?’ என்று மகள் கேட்டுவிட்டாள்.

மகள் கேட்டது ரொம்பச் சரி. அவளுக்குத் தெரிந்தது வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர்வரை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அப்போதுதான். அதில் காற்று வங்கக்கடல் வழியே வருகிறது, பெரிய மழைகள் பெரும்பாலும் தாழ்வு மண்டலங்களால். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்சியை வைத்து அதை விளக்க முடியாது, வேறு வீடியோதான் எழுத வேண்டும். தென்மேற்கு வீடியோ என்றால் முதல் வரியிலேயே ‘ஜூன்’ என்று சொல்லிவிடுங்கள், குழப்பம் குறையும்.

தென்காசி ஆசிரியை, கடைசியாக: கடைசி 15 விநாடியில் ‘மழைநீரைச் சேமிப்போம்’ என்று முடிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அந்த 15 விநாடி மலையின் மறுபக்கத்துக்கு வேண்டும் டீச்சர். ஈரத்தை இழந்த காற்று இறங்குகிறது, இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது, மேகம் கலைகிறது. ஏறும்போது நடந்ததன் தலைகீழ், பிள்ளைகளே ஊகித்துவிடுவார்கள். ‘இறங்கும் காற்று என்ன ஆகும்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, காய்ந்த நிலத்தைக் காட்டி நிறுத்துங்கள். சேமிப்பு வாசகம் வந்தே ஆக வேண்டும் என்றால் திரையில் எழுத்தாகப் போடச் சொல்லுங்கள், குரலில் வேண்டாம்.