பெட்டியைப் பிரிக்கும் முன் எழுதும் தாள்

கேள்வி: கோத்தகிரியிலிருந்து சின்னதாக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். 12,000 ரூபாய்க்குள் கிடைக்கும் இரண்டு போன்களை ஒப்பிட்டு வீடியோ போடப் போகிறேன். டவுனில் ஒரு கடைக்காரர் இரண்டையும் மூன்று நாளைக்குத் தருகிறேன் என்கிறார். போன தடவை "எவ்வளவு வாங்கினே?" என்று கமெண்டில் கேட்டுவிட்டார்கள். இந்த முறை நியாயமாகச் செய்ய என்ன வழி?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் ஒப்பிடப் போகிறீர்கள், ஒவ்வொன்றையும் எப்படி அளப்பீர்கள், எவ்வளவு வித்தியாசம் வந்தால் ஒன்று ஜெயித்தது என்பீர்கள் என்று எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் போட்டோ வீடியோவின் முதல் அரை நிமிடத்திலேயே வரட்டும். இரண்டு நாள் கையில் வைத்திருந்தால் ஏதோ ஒரு போன் பிடித்துப்போகும். அப்புறம் அது எதில் நன்றாக இருக்கிறதோ அதுவே முக்கியமான அளவுகோலாகிவிடும். நீங்கள் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

தாளில் முதல் வரி: யாருக்காக இந்த வீடியோ? "எல்லோருக்கும்" என்று எழுதாதீர்கள். எஸ்டேட் லைனில் இருந்துகொண்டு ஊரிலுள்ள பிள்ளையோடு வீடியோ காலில் பேசும் அம்மாவுக்கா, கோயம்புத்தூரில் மேப் போட்டு ஆட்டோ ஓட்டுபவருக்கா? ஆளை முடிவு செய்தால் ஐந்து அளவுகோல் தானாக வரும். பெட்டியில் அச்சடித்த எண்களை அளவுகோலாக எடுக்காதீர்கள். 50 மெகாபிக்சல் என்பது படம் எப்படி வரும் என்பதைச் சொல்லாது. "4+4 ஜிபி ராம்" என்பதில் இரண்டாவது 4 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, உண்மையான ராம் அல்ல. வேகத்துக்கு நிஜமாகவே முக்கியமான ஸ்டோரேஜ் வகையைப் பெரும்பாலான பெட்டிகளில் போடுவதே இல்லை. இதைக் கேட்க ஆளில்லை என்பது வேறு கதை.

பேட்டரியை எடுத்துக்கொள்வோம். இரண்டு போனிலும் ஒரே கம்பெனி சிம்மைப் போடுங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரைப் பிடிக்க அதிக சக்தி செலவழிக்கும். ஒன்றில் ஒரு கம்பெனி, இன்னொன்றில் வேறு கம்பெனி என்றால் நீங்கள் அளப்பது டவரைத்தான். வெளிச்சத்தை ஸ்லைடரில் பாதியில் வைத்தால் சமம் ஆகிவிடாது, ஒரு போனின் பாதி இன்னொன்றின் முக்கால் போல இருக்கும். இரண்டிலும் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, மூன்றாவது போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் போட்டு, ஒரே தூரத்தில் பிடித்து, எண் ஒன்றாகும் வரை நகர்த்துங்கள். ஆட்டோ பிரைட்னஸை அணைக்க மறக்காதீர்கள். டவுன்லோடு செய்த ஒரே வீடியோவை நான்கு மணி நேரம் ஓடவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். அதே சோதனையை அதே போனில் மறுநாளும் செய்யுங்கள். உதாரணத்துக்கு, முதல் போனில் ஒரு நாள் 61 சதவீதம், மறுநாள் 64 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் 63, 60. ஒரே போன் தனக்குத்தானே மூன்று சதவீதம் மாறுகிறது என்றால், இரண்டு போன்களுக்கு நடுவில் முதல் நாள் வந்த இரண்டு சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. "பேட்டரியில் சமம்" என்று சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். ஒரே ஓட்டத்தில் வந்த எண்ணை வைத்து "தூக்கி அடித்தது" என்று தம்ப்நெயில் போடுபவர்கள் இந்த வேலையைச் செய்வதில்லை. முதல் நாளே வீடியோ போட்டவனுக்குத்தான் வியூஸ் என்றால் யார்தான் செய்வார்கள்?

உங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: குளிர். போன் சூடானால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோத்தகிரியின் காலைக் குளிரில் அந்தக் குறை வெளியே வராமலே போகலாம். உங்கள் வீடியோவை மதுரையில் பார்ப்பவர் அதே போனை வாங்கி வெயிலில் மேப் போட்டால் திணறும். அதனால் போனின் வேகத்தை அளக்கும் 3DMark ஆப்பிலுள்ள Wild Life Stress Test-ஐ முதலில் வீட்டில் ஓட்டுங்கள். ஒரு நிமிடச் சுற்று இருபது தடவை ஓடும். அப்புறம் மதிய வேளையில் மேட்டுப்பாளையம் இறங்கி, நிழலில் வைத்து இரண்டிலும் அதையே ஓட்டுங்கள். இரண்டு இடத்து வெப்பநிலையையும் திரையில் போடுங்கள். முடிவில் "ஸ்டெபிலிட்டி" என்று ஒரு சதவீதம் காட்டும். அதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். முதலிலிருந்தே மெதுவாக ஓடும் சிப் 99 சதவீதம் வாங்கிவிடும், குறைய அதற்கு வேகமே இல்லையே! சுற்றுகளில் மிகக் குறைந்த ஸ்கோர் எது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். தாளிலும் அதையே எழுதுங்கள்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளில் மேலே சொன்னதெல்லாம் முடியாது, அது முதல் பிரச்சினை. இரண்டாவது, அவர் ஒன்றை 6 ஜிபியிலும் மற்றதை 4 ஜிபியிலும் எடுத்துக் கொடுப்பார், விலையைச் சொல்ல மாட்டார். விலை ஒன்றாக இருந்தால் ராம் வேறாக இருக்கலாம். விலை வேறு என்றால் அந்த ஒப்பீடே செத்தது. அவருக்கு எந்த போனில் மார்ஜின் அதிகம் என்று விசாரித்துப் பாருங்கள். இவரைவிட மோசம் போன் கம்பெனிகளின் விளம்பர ஏஜென்சிகள். "இந்தப் பாயிண்டுகளைக் கவர் பண்ணுங்க" என்று ஒரு பட்டியல் அனுப்புவார்கள். அதில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் அவர்கள் போன் ஜெயிக்கும் அளவுகோல்கள் மட்டும்தான் இருக்கும். எதை அளப்பது என்று முடிவு செய்தவனே யார் ஜெயிப்பது என்றும் முடிவு செய்துவிட்டான். காசு வாங்காமலே விலைபோவது இப்படித்தான். இலவசமாகப் பொருள் வாங்கினால் அதை வீடியோவில் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. எத்தனை பேர் சொல்கிறார்கள் பாருங்கள். மூன்று நாள் கடனாக வாங்கினாலும் கடையிலிருந்து வந்தது என்று வாயாலும் சொல்லுங்கள், திரையிலும் எழுதுங்கள். என்னைக் கேட்டால் நண்பர்களிடமிருந்து இரவல் வாங்குவதே நல்லது. பழைய போனாக இருந்தால் பேட்டரி தேய்ந்திருக்கும், அதனால் இரண்டும் ஒரே வயதாக இருக்கட்டும்.

தாளை நடுவில் மாற்றக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதையே சாக்காக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நுழைத்துவிடுவார்கள் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் நினைத்தே பார்க்காத குறை ஒன்று தெரியவருகிறது. காதில் வைத்துப் பேசும்போது திரை அணையாமல் கன்னம் பட்டு கால் கட்டாகிறது என்று வையுங்கள். வாங்குபவருக்கு இது தெரிய வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் நேராகப் பட்டியலில் சேர்க்காதீர்கள். முதலில், அது அந்த ஒரு போனின் பழுதா என்று பாருங்கள். முடிந்தால் அதே மாடலில் இன்னொன்றில் முயன்று பாருங்கள். அடுத்து, மற்ற போனிலும் அதே சோதனையை அதே எண்ணிக்கையில் செய்யுங்கள். ஒன்றில் பத்து கால் பேசிவிட்டு இன்னொன்றை இரண்டு காலோடு விட்டுவிட்டால் அது சோதனையே அல்ல. கடைசியாக, "இது தாளில் இல்லாதது, பிறகு சேர்த்தது" என்று வீடியோவில் சொல்லி, மதிப்பெண்ணில் கூட்டாமல் தனியாக வையுங்கள். பிடித்துப்போன போனில் கண்ட ஒரு நல்ல அம்சத்துக்கு இந்த வழி திறக்காது.

தீர்ப்பு வாசகங்களை எல்லா எண்களும் வந்த பிறகே எழுதுங்கள். எழுதிய ஒவ்வொரு வரியிலும் இரண்டு போன்களின் பெயரையும் எண்களையும் மாற்றிப் போட்டு உரக்க வாசித்துப் பாருங்கள். அப்படி மாற்றினால் அந்த வரியைச் சொல்ல மனம் வரவில்லை என்றால், அதை அடித்துவிட்டு எண்ணை மட்டும் சொல்லுங்கள்.