ஃபெரிட்டின் 310, ஆனாலும் இரத்தசோகையா?

"அம்மாவுக்கு முடக்குவாதம். ஹீமோகுளோபின் 9.6, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 310. ஈசூனில் வாங்கிய இரும்பு மாத்திரை மூன்று மாதமாகியும் பலிக்கவில்லை. ஏன்?"

மாத்திரையைக் குறை சொல்லாதீர்கள்; வாசல்தான் அடைபட்டிருக்கிறது. மூட்டு அழற்சியில் உயரும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம், கல்லீரலைக் கூடுதலாக ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசல் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதில் ஒட்டியதும் செல் அந்த வாசலையே உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது. குடல் செல்லில் சிக்கிய மாத்திரை இரும்பு, அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடுகிறது.

அதுகூடச் சிறிய இழப்புதான். குடல் தருவது தினமும் 1-2 மில்லிகிராம். பழைய சிவப்பணுக்களைத் தின்னும் மேக்ரோஃபேஜ்கள் திருப்பித் தரவேண்டிய 20-25 மில்லிகிராமில் பெரும்பங்கு உள்ளேயே முடங்குகிறது. உங்கள் 310 பெரிதும் அந்தச் சிறைப்பட்ட இருப்பு; அழற்சியும் அதை ஏற்றிக்காட்டும்.

பலதுறை மருந்தகத்தில் இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும், அழற்சியைக் காட்டும் சிஆர்பியையும் கேளுங்கள். செறிவு 20 விழுக்காட்டுக்குக் கீழே, சிஆர்பி உயர்வு என்றால் முதலில் மூட்டுச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.