காய்ச்சலுக்குப் பின் வந்த நெஞ்சுவலி: பொங்கல் கபடியில் ஆடலாமா?

"டாக்டர், எனக்கு 23 வயது, கபடியில் ரைடர். நவம்பர் முதல் வாரம் நாலு நாள் காய்ச்சல், தொண்டை வலி. அது சரியாகி ஒரு வாரத்தில், 12ஆம் தேதி, நெஞ்சுவலி. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் அதிகம், ஆஞ்சியோ நார்மல், எம்ஆர்ஐ எடுத்து மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசையில் அழற்சி என்றார்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டது, இப்போது வலியே இல்லை, எக்கோவும் நார்மல். பொங்கல் போட்டியில் ஆடலாமா? ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன்."

இந்தப் பொங்கலுக்கு வேண்டாம். வலி நின்றதையும் எக்கோ நார்மலாக இருப்பதையும் வைத்து நீங்கள் முடிவெடுக்கிறீர்கள், சிக்கலே அங்கேதான். எக்கோ பார்ப்பது இதயம் எவ்வளவு நன்றாகச் சுருங்கி விரிகிறது என்பதை; தசைக்குள் சின்ன இடத்தில் புண் ஆறாமல் இருந்தாலும் மற்ற தசை ஈடுகட்டிவிடும், எக்கோ சுத்தமாக வந்துவிடும்.

உங்கள் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, டி2 என்ற வகைப் படத்தில் வீக்கம், அதாவது தசையில் நீர் கோத்திருப்பது. இன்னொன்று, கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி பத்து, பதினைந்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் இடது கீழறையின் பக்கவாட்டுச் சுவரில் வெள்ளைக் கோடு. நல்ல தசையிலிருந்து அந்த மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும், செல்கள் செத்த இடத்திலும் வீங்கிய இடத்திலும் தேங்கி நிற்கும். மாரடைப்பு என்றால் இந்த வெள்ளை சுவரின் உட்பக்கத்திலிருந்து தொடங்கும், ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். உங்களுக்கு வெளிப்பக்கமாக இருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் அழற்சியில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஆஞ்சியோவில் அடைப்பு இல்லாததும் இதோடு பொருந்துகிறது. இதே வெள்ளை இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் இருந்திருந்தால் நான் இன்னும் கவலைப்பட்டிருப்பேன்; உங்களுக்கு அங்கே இல்லை.

சரி, வலி இல்லாதவனுக்கு எதற்கு ஓய்வு என்று கேட்பீர்கள். ரைடு போகும்போது மூச்சை அடக்கிப் பாடுகிறீர்கள், நாடித்துடிப்பு எகிறுகிறது, அட்ரினலின் கொட்டுகிறது. ஆறாத புண்ணைச் சுற்றி மின்னோட்டம் தடம் மாறிச் சுழன்றால் கீழறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும், ஆள் களத்திலேயே விழுந்துவிடலாம். இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணங்களுக்கு மயோகார்டைட்டிஸ் அறியப்பட்ட காரணங்களில் ஒன்று, அதற்கு முன் எந்த வலியும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இதயத் தசையைத் தாக்கும் காக்சாக்கி வைரஸ் கொடுத்த எலிகளை நீந்தவைத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில், ஓய்விலிருந்த எலிகளைவிட அவற்றின் இதயம் மோசமாகச் சேதமானது.

வழக்கமான கணக்கு, நோய் தொடங்கிய நாளிலிருந்து 3 முதல் 6 மாதம். உங்களுக்கு நவம்பர் 12 என்றால் பிப்ரவரி 12க்கு முன் பேச்சே இல்லை. லேசான பாதிப்பு இருந்து எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்தவர்களை இப்போது சில நிபுணர்கள் கொஞ்சம் முன்னதாகவும் அனுப்புகிறார்கள்தான், ஆனால் எம்ஆர்ஐயில் வீக்கமும் கோடும் இருக்கும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் அல்போன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில், கொரோனாவுக்குப் பின் லேசான மயோகார்டைட்டிஸ் கண்டுபிடித்தார்கள். அவர் திரும்ப ஆடியது ஏப்ரலில்.

அதுவரை சமதரையில் சாதாரண நடை போதும். ஜிம், எடை தூக்குவது, மூச்சடக்கும் பயிற்சி, "சும்மா அரை மணி நேரம்" என்று நண்பர்களோடு ஆடுவது, எதுவும் வேண்டாம். உடம்பு வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பிப்ரவரி நடுவில் ட்ரோபோனின், இசிஜி, எக்கோ, இதயத் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர், அப்புறம் டிரெட்மில் டெஸ்ட். டிரெட்மில்லில் களைத்துப்போகும் வரை ஓட வேண்டும், பாதியில் இறங்கினால் பயனில்லை, கபடியில் இதயம் போகும் வேகத்தில் படபடப்பு வருகிறதா என்று பார்ப்பதற்குத்தானே இது. கூடவே எம்ஆர்ஐயும் திரும்ப எடுக்கலாம். வீக்கம் போய், கோடு சுருங்கியோ மறைந்தோ இருந்தால் நல்லது. வீக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். வீக்கம் இல்லாமல் சின்னக் கோடு மட்டும் மிஞ்சினால் அது தழும்பு. மற்றது எல்லாம் சுத்தமாக இருந்தால் ஆட அனுமதிப்பது உண்டு, ஆனால் அதன் பிறகும் ஹோல்டரும் டிரெட்மில்லும் அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் முதல் நாளே ரைடு போகாதீர்கள். முதலில் மெதுஓட்டம், பிறகு வேகம், பிறகு பயிற்சி, மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஓடும்போது படபடப்போ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள்; மயங்கி விழுந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

எம்ஆர்ஐ சிடியைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த ஸ்கேனில் கோடு சுருங்கியதா என்று ஒப்பிட அந்தப் படங்கள் வேண்டும், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.