பிடித்த வரி எங்கே போச்சு?

கேள்வி: கூட்டுறவு வங்கி டெபாசிட்டில் 2024-25-க்கு 1,20,000 ரூபாய் வட்டி. டி.டி.எஸ். 12,000 பிடித்தார்கள். என் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26AS படிவத்தில் 9,000 தான் இருக்கிறது. மேலாளர் “பணம் கட்டியாச்சு, உங்க ஆடிட்டரைக் கேளுங்க” என்கிறார்.

பதில்: ஆடிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. வங்கி சலானில் பணத்தைக் கட்டுவது ஒரு வேலை. அது யாரிடம் பிடித்த பணம் என்று காலாண்டுக்கு ஒருமுறை 26Q அறிக்கையில் பான் எண்ணோடு சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவதில் பிசகினால் உங்கள் 3,000 அரசிடம் இருக்கும், உங்கள் பெயரில் இருக்காது. பான் எண்ணில் ஓர் எழுத்து மாறி, அது வேறொருவருடையதாக அமைந்துவிட்டால் அவருக்கு வரவாகிவிடும்.

26AS-ல் வங்கியின் பெயரை விரித்து, எந்தக் காலாண்டு இல்லை என்று பாருங்கள். பதிவு இருந்து, நிலை என்ற இடத்தில் F-க்குப் பதில் U இருந்தால் சலான் விவரம் பொருந்தவில்லை, அல்லது பணமே கட்டவில்லை. பதிவே இல்லையென்றால் பெரும்பாலும் பான் பிழை, அல்லது உங்கள் பெயர் விடுபட்டிருக்கிறது.

இதை நீங்களோ வருமான வரி அலுவலகமோ திருத்த முடியாது. வங்கிதான் அந்தக் காலாண்டு 26Q-வுக்குத் திருத்த அறிக்கை போட வேண்டும். வட்டி, பிடித்த தொகை, தேதி, வங்கியின் டான் எண் எல்லாம் எழுதி, பான் நகலோடு கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். திருத்தம் போட்டதும் அதன் டோக்கன் எண்ணையும், வருமான வரித் துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து இறக்கிய 16A சான்றிதழையும் கேளுங்கள். வங்கியே வேர்டில் அடித்து சீல் குத்திய ‘டி.டி.எஸ். சான்றிதழ்’ வேண்டாம். கால் சதவீதம் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் நான் போட்ட டெபாசிட்டுக்கு அப்படித்தான் ஒரு தாள் வந்தது. அழகான தாள். 26AS-ல் ஒரு பைசா இல்லை. இப்படித் தாள் கொடுத்து ஆளை அனுப்பிவிடும் பழக்கம் எனக்கு எரிச்சல்.

12,000 என்று ஏற்கெனவே ரிட்டர்ன் போட்டு 3,000 கேட்டு நோட்டீஸ் வந்திருந்தால், 26AS சரியான பிறகு வருமான வரித் தளத்தில் வரி வரவுப் பொருத்தமின்மைக்கான திருத்த விண்ணப்பம் போடுங்கள். அதற்கு முன் போட்டால் அதே பதில்தான் வரும்.

கேள்வி: என் கட்டடத்தில் இருந்த கம்பெனி வாடகையில் வரி பிடித்து, கட்டாமலே காலி செய்துவிட்டது. இப்போது எனக்கு டிமாண்ட்.

பதில்: அநியாயம். ஆனால் கட்டிவிடாதீர்கள். 1961 சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி, உங்களிடம் பிடித்த அளவுக்கு அந்த வரியை உங்களிடம் நேரடியாகக் கேட்க முடியாது. அதை அதிகாரிகளுக்கு நினைவூட்டி 2015-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் கடிதமும் அனுப்பியது. வாடகை ஒப்பந்தம், வரி போக மீதி வந்த வங்கிக் கணக்கு அறிக்கை இரண்டையும் வைத்துப் பதில் போடுங்கள். பிடித்தார்கள் என்பதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: 2013-14-ல் பிடித்த டி.டி.எஸ். வரவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். திருத்தம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். போட முடியாது, காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது.