முதியோர் தனிமை பற்றி மூன்று நிமிட அனிமேஷன்: கேள்வி பதில்

சமூகப்பணி மாணவி: அக்கா, தனியாக வாழும் முதியவர்களின் தனிமை பற்றி மூன்று நிமிட விளக்கப் படம் செய்கிறோம். முதல் காட்சியில் ஒரு பாட்டி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வெளியே மழை. சரியாக வருமா?

நாற்காலியை எடுத்துவிடுங்கள். மழையையும்தான். தனி வீட்டில் இருப்பவர் எல்லாருமே வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது, அது உண்மையில்லை. தனியாக நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் தனிமையில் தவிப்பவர்களும் உண்டு.

உங்கள் பாத்திரத்துக்கு 76 வயது என்று வையுங்கள். கணவர் இறந்து இரண்டு வருடம். மகள் தினமும் போன் செய்கிறாள்: மாத்திரை போட்டாச்சா, தூங்கினியா, சரி வச்சிடறேன். அவ்வளவுதான் பேச்சு. அன்பில் குறையில்லை. ஆனால் அந்த அம்மா என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, அவரிடம் யாருக்கும் எந்த வேலையும் ஆக வேண்டியதில்லை. ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-இலேயே இதைப் பிரித்துச் சொன்னார்: மனதுக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, பழகும் வட்டமே இல்லாத தனிமை இன்னொன்று. முதலாவதற்குக் கூட்டம் மருந்தாகாது. படம் தொடங்கி இருபது நொடிக்குள் உங்கள் பாத்திரத்துக்கு எது என்பது தெரிந்துவிட வேண்டும். அந்தப் போன் பேச்சே முதல் காட்சியாக இருக்கட்டும்.

ஐ.டி. ஊழியர்: "தனிமை தினமும் 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம்" என்று பெரிய எழுத்தில் போட்டால் பளிச்சென்று இருக்குமே?

இருக்கும். ஆனால் பாதிதான் சரி. 2010-இல் உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட்டின் குழு 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உறவுகள் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக்காலம் முடியும்போது உயிரோடிருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடுதல் என்று கண்டது. சிகரெட் ஒப்பீடு அங்கிருந்து கிளம்பியதுதான். அவர்கள் அளந்தது மொத்த உறவுகளின் வலுவை, தனிமை என்ற உணர்வை மட்டும் அல்ல.

அதைவிட முக்கியம், படத்தைப் பார்க்கப்போகிறவர் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர். அவரைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது? எண் வேண்டுமென்றால் 2025-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதைப் போடுங்கள்: உலகில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை உணர்வு இருக்கிறது, இளைஞர்களிடம் இன்னும் அதிகம். அதைக் கேட்டால் "நான் மட்டும் இல்லை" என்ற ஆறுதலாவது கிடைக்கும்.

புதியவர்: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

கையில் இருப்பது.

குரல் கலைஞர்: எனக்கு நெகிழ்ச்சியான குரல். "பாவம், அவருக்கு யாரும் இல்லை" என்ற இடத்தில் தழுதழுக்கலாமா? பின்னணியில் வயலின் வரும்.

"பாவம்" போனால் தழுதழுப்பும் தானாகப் போய்விடும். "அவருக்கு யாரும் இல்லை" என்பதற்குப் பதிலாக "போன் வைத்த பிறகு அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டுகிறார்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் செய்வதைச் சொன்னாலே போதும், மரியாதை தானே வரும். எழுபது தாண்டிய ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க, ஸ்கிரிப்டை ஒருமுறை உரக்கப் படியுங்கள். கூசும் வரிகள் தெரிந்துவிடும்.

வயலின் விஷயம் வேறு. வயதால் காது மங்கும்போது கூர்மையான ஒலிகள் முதலில் போகும். உயிரொலி கேட்கும், ச, த, ப போன்றவை கரைந்துவிடும். "சத்தம் கேட்குது, என்ன சொன்னேன்னுதான் புரியல" என்பார்களே, அதுதான். அங்கே ஒலியைக் கூட்டிப் பயனில்லை. இசையைப் பேச்சைவிட 20 டெசிபலாவது தாழ்த்துங்கள், நிமிடத்துக்கு 80 முதல் 90 சொற்களுக்குள் பேசுங்கள். சோகம் என்றதும் பூசும் நீலச் சாம்பலும் வேண்டாம். கண்வில்லை மஞ்சளித்தவர்களுக்கு அந்த நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து தெரியும்.

74 வயது வாசகர்: மனைவி போய் ஒன்பது வருஷம். தனியாகத்தான் இருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். என்னைக் காட்டி யாரும் கண்கலங்க வேண்டாம்.

ஐயா, உங்களைப் போன்ற ஒருவர் படத்தில் இருந்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டில் நிம்மதியாகத் தனியே வாழ்பவராக. இல்லையென்றால் பழைய நாற்காலி பின்வாசல் வழியாக வந்துவிடும்.

வெளிநாட்டில் வேலை செய்பவர்: நம்பிக்கையான முடிவு என்றால் கடைசியில் மகன் பெட்டியோடு வாசலில் நிற்பதுதான். நான் அம்மாவைப் பார்க்கப் போகும்போது அவர் முகம் மலர்வதைப் பார்த்தவன் நான்.

74 வயது வாசகர்: தம்பி, பெட்டி பத்து நாளில் திரும்பிப் போகும். பதினோராம் நாளை யார் வரைவார்கள்?

வெளிநாட்டில் வேலை செய்பவர்: அப்படியென்றால் போகவே வேண்டாம் என்கிறீர்களா, ஐயா?

போங்கள், தவறாமல் போங்கள். ஆனால் வர வாய்ப்பில்லாத மகன்களின் அம்மாக்களும் இந்தப் படத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அந்த முடிவு என்ன தரும்?

நான் செய்வது இப்படி. இரண்டாம் நிமிடத்தில் அந்த அம்மா வாசலில் நின்று, எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்துக் கையசைக்கிறார். அவள் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். "என்னைத் தவிர்க்கிறாள்" என்று நினைத்து அம்மா கதவைச் சாத்துகிறார். அதே நான்கு நொடியை எதிர்வீட்டிலிருந்து மறுபடி காட்டுங்கள்: அவள் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள், பார்க்கவே இல்லை. தனிமை நீளும்போது மனம் புறக்கணிப்பை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது என்று உளவியலாளர் ஜான் காசியோப்போ பல வருடம் ஆராய்ந்து எழுதினார். அதனால் அழைப்பு வந்தாலும் மறுப்பார்கள், பிறகு அழைப்பும் குறையும். 2011-இல் அவர் பங்கேற்ற ஒரு தொகுப்பாய்வில், ஆட்களை அனுப்பிவைக்கும் முயற்சிகளைவிட இந்த எண்ணத்தைச் சரிசெய்யும் முயற்சிகள் கூடுதல் பலன் தந்ததாகத் தெரிந்தது.

அடுத்து அவர் ஒரு கூட்டத்துக்குப் போகிறார். பேச்சு சரியாகக் காதில் விழவில்லை, பாதியில் திரும்பிவிடுகிறார். இந்தத் தோல்வியை வெட்டாதீர்கள், பின்னால் வருவதை நம்பவைப்பது இதுதான். பிறகு காதைச் சோதித்துக்கொள்கிறார். ஒரு நாள் எதிர்வீட்டுப் பெண் கிழிந்த பையோடு வந்து "இதைத் தைத்துத் தர முடியுமா?" என்று கேட்கிறாள். கடைசி நாற்பது நொடி அதற்குத்தான். உதவி தேடி வந்தவள் அவள், கொடுப்பவர் அம்மா. "செவ்வாய்க்கிழமை வாங்க" என்று நாள் குறிப்பவரும் அம்மாவே. போன் காட்சியை மாற்ற வேண்டாம். மகள் அதே கேள்விகளைத்தான் கேட்பாள். ஆனால் இந்தமுறை "இரு, ஒரு விஷயம் சொல்றேன்" என்பார் அம்மா.

முன்னாள் தன்னார்வலர்: நான் வாராவாரம் ஒருவரைப் பார்க்கப் போனேன், பிறகு வேலை மாறி நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பெண்ணும் வீடு மாறினால்?

மாறலாம். அதனால்தான் அவளைத் தேவதையாக வரையக் கூடாது. இரண்டாவதாக இன்னொருவரும் வருவதாகக் காட்டலாம், மூன்று நிமிடத்தில் இடம் கிடைத்தால். எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

74 வயது வாசகர்: எனக்குத் தைக்கத் தெரியாது, அம்மா. என் வாசலுக்கு எதைக் கொண்டு வருவாள்?

அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஐயா. என் அடுத்த படத்துக்கு உதவும்.

இன்னொரு புதியவர்: ஜன்னலோர நாற்காலியில் தாத்தா இருந்தால் பரவாயில்லையா? அப்புறம், எந்த சாஃப்ட்வேர்?

இல்லை. மேலே பாருங்கள்.